ஒற்றைச் சுழி என்று பதிவான தலை

சுழியர் யாருடைய தலையிலும் எடுத்த எடுப்பில் தண்ணீர் தெளிக்கமாட்டார். அவருடைய கடைக்கு முதல்முறை வருகிறவர்கள் இதை ஏதோ தண்ணீர்ப் பஞ்சம் என்று நினைத்துக்கொள்வார்கள். நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, "தலையை நாய் மாதிரி ஒரு உதறு உதறுங்க" என்பார். உதறிய பிறகு பின்னால் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு நீதிபதி தீர்ப்புக்கு முன் மௌனம் காப்பதுபோல அந்த உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவருக்கு வியர்க்கும். ஏதோ கட்டி இருக்கிறதோ, வழுக்கை ஆரம்பித்துவிட்டதோ என்று கண்ணாடி வழியாக அவர் முகத்தைத் தேடுவார்.

"தண்ணி பட்டா முடி பொய் சொல்லும்," என்பது சுழியரின் முதல் வாக்கியம். "ஈரத்துல எல்லா முடியும் நல்ல பிள்ளையாப் படுத்துக்கும். காய்ஞ்ச பிறகுதான் அதோட உண்மையான குணம் தெரியும்."

அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. ஆனால் இருபத்தேழு வருடம் ஒரே தெருவில் ஒரே வேலையைச் செய்தால் பெற்றோர் வைத்த பெயர் ஓய்வு பெற்றுவிடுகிறது. வீட்டு வாடகைச் சீட்டில்கூட, வீட்டுக்காரர் மறந்துபோய் ஒருமுறை 'சுழியர்' என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கடையில் இரண்டு நாற்காலிகள், நீளமான ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. கண்ணாடிக்குக் கீழே உள்ள இழுப்பறையில்தான் அந்தப் புகழ்பெற்ற பதிவேடு இருந்தது. தடித்த அட்டைபோட்ட நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு தலை. மேலிருந்து பார்த்தபடி ஒரு வட்டம், மூக்குக்கு ஒரு சின்ன முக்கோணம், உச்சியில் சுழி எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி, அது எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் ஓர் அம்பு. நெற்றியில் முன்சுழி இருந்தால் அதற்குத் தனிக்குறி. பிடரி முடி மேல்நோக்கி வளர்ந்தால் அதற்கும் ஒன்று. முந்நூற்றுப் பதினோரு தலைகள். ஆதார் அட்டைக்காரர்கள் கைரேகையும் கண்ணும்தான் எடுத்தார்கள். சுழியர் அவர்கள் விட்டதை எடுத்துவைத்திருந்தார்.

அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருக்கும் என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம். முன்நெற்றியில் சுழி உள்ள மாப்பிள்ளை ஒருவர், கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் வந்து, புருவம்வரை நேர்கோடாக முடி விழவேண்டும் என்று கேட்டார்.

"உங்களுக்கு நேர்கோடு வேணும். உங்க முன்சுழிக்கு இடது பக்கமா மேலே போகணும்," என்றார் சுழியர். "நான் நேரா வெட்டிடுவேன். நீங்க வீட்டுக்குப் போறவரைக்கும் நேரா இருக்கும். காய்ஞ்சதும் பாதித் திரை கிழிஞ்ச மேடை மாதிரி ஆயிடும். அது போற பக்கமே நாமும் போயிடலாம். முன்னாடி கொஞ்சம் நீளம் விட்டு, அது சாயுற பக்கமே வாரி விடறேன்."

"மத்தவங்க எல்லாம் வெட்டிக்கறாங்களே?"

"மத்தவங்க நெத்தி உங்க கழுத்துமேலயா இருக்கு?"

மாப்பிள்ளை பணிந்தார். கல்யாணப் படத்தில் அவர் நெற்றி ஒழுங்காக இருந்தது. சுழியர் அந்தப் படத்தின் பிரதியொன்றை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டார். மணப்பெண்ணின் முகம் ஆணிக்கும் சட்டத்துக்கும் நடுவில் மறைந்துபோனதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

பதிவேட்டின் முதல் பக்கம் அவருடைய தலை. வட்டத்தின் நடுவில், கொஞ்சமும் விலகாமல் ஒரே ஒரு புள்ளி. வலப்பக்கமாகச் சுற்றும் ஓர் அம்பு. கீழே: 'ஒற்றைச் சுழி. நடு. வலஞ்சுழி. இடப்பக்க வகிடு இயல்பு.' இந்த ஒரு பக்கம் மட்டும் அவர் கையெழுத்தில் இல்லை. தன் உச்சியைத் தானே பார்த்து வரைய முடியாது என்பதால், பதினான்கு வருடத்துக்கு முன் அதை வரைந்தவர் இரண்டாம் நாற்காலிக்காரர். அதாவது சுழியருடைய மனைவியின் தம்பி.

மைத்துனர் மெலிந்த கைகளும் மெலிந்த பேச்சும் உடையவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சுழியர் அவருக்கு உபதேசித்ததெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். வலஞ்சுழிக்கு முடி முன்னால் வரும்போது வலது பக்கம் சாயும், அதனால் வகிடு இடது பக்கம் எடு. இடஞ்சுழிக்கு மாற்றிச் செய். சுழி இருக்கும் இடத்தில் மிஷினை ஒரே திசையில் ஓட்டாதே, முடி நாலு பக்கமும் சுற்றிப் போகிறது, நீயும் சுற்று. இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக விழும். இதெல்லாம் தொழில். இதற்கு அப்பால் சுழியர் தன் சொந்தத் தத்துவம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்.

"ரெட்டைச் சுழிக்காரனை மட்டும் நம்பாதே மச்சான். அவன் மனசும் ரெண்டு பக்கம் சுத்தும். நம்ம கடையில ரெட்டைச் சுழிக்கு முடி வெட்டலாம். வேலை கொடுக்கக் கூடாது."

இதைச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் தலையை மைத்துனரிடம் கொடுத்தார். வார விடுமுறை நாளில், கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொள்வது அன்று ஆரம்பித்த வழக்கம். மைத்துனர் உச்சந்தலையைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார் என்று இப்போது சொல்லலாம். அப்போது யாரும் கவனிக்கவில்லை.

"என்ன மச்சான், எத்தனை?"

"ஒண்ணுதான் மாமா. நடுவுல."

"வலஞ்சுழியா?"

"சுத்தமான வலஞ்சுழி மாமா."

"அப்படியே வரைஞ்சு வை," என்றார் சுழியர்.

அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தலை மைத்துனரின் கத்தரிக்குக் கீழே குனிந்தது. சுழியர் பேசிக்கொண்டே இருப்பார், மைத்துனர் வெட்டிக்கொண்டே இருப்பார். முடிவில் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பிடரியைக் காட்டுவார். உச்சியையும் காட்டுவார், கொஞ்சம் சாய்வாக. அங்கே முடி வழுவழுவென்று படுத்திருக்கும். "பார்த்தியா, ஒற்றைச் சுழியோட அழகே இதுதான். மல்லுக்கட்டவே மல்லுக்கட்டாது," என்று சுழியர் தன் உச்சந்தலைக்குத் தானே நற்சான்று வழங்குவார்.

இரட்டைச் சுழிக்கு அவர் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு தபால்காரர். தபால்காரருடைய உச்சியில் இரண்டு சுழிகள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றின. நடுவில் மாட்டிக்கொண்ட முடிக்கு எந்தப் பக்கம் படுப்பதென்று தெரியாமல் நட்டுக்கொண்டு நிற்கும். அவரோ உச்சியில் குட்டையாக வெட்டச்சொல்லி ஒவ்வொரு முறையும் அடம்பிடிப்பார்.

"குட்டையா வெட்டினா வேலி மாதிரி நிக்கும்யா," என்பார் சுழியர். "ரெண்டே வழிதான் உண்டு. ஒண்ணு, மூணு விரற்கடை நீளம் விடணும், அப்பத்தான் தன் பாரத்துலயே படுக்கும். இல்லேன்னா ஒட்ட வெட்டணும், நிக்கறதுக்கே நீளம் இருக்கக் கூடாது. நடுவாந்திரமா வெட்டினா உன் தொப்பி உன் தலையில உக்காராது. தபாலாபீஸ்ல புதுத் தொப்பி வேற தரமாட்டான்."

"அப்ப ஒட்ட வெட்டு."

"ஒட்ட வெட்டினா ஊருக்கே ரெண்டு சுழியும் தெரியும். உன் வீட்டுக்காரம்மா சந்தேகப்படும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். தபால்காரரும் சிரித்துவிட்டு மூன்று விரற்கடைக்கு ஒப்புக்கொள்வார். சுழியர் கத்தரியின் நுனியால் இரண்டு சுழிகளுக்கும் நடுவில் கொத்திக்கொத்தி, முடியின் கனத்தைக் குறைக்காமல் முனையை மட்டும் உடைத்துவிடுவார். பிடரியில் இடது பக்கம் பக்கவாட்டில் வளரும் முடியைச் சதுரமாக வழிக்காமல் அது போகிற போக்கிலேயே விட்டுவிடுவார். இந்தத் தலையை இப்படி வெட்டத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் ஒரே கடையில் இருந்தார்கள். சுழியர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கண்ணாடிச் சுவர் வைத்த புது சலூன் ஒன்று திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உள்ளே குளிர், வெளியே விளம்பரம். சுழியர் அதைப் பொருட்படுத்தவில்லை. "முதல்லயே தலையை அலசிட்டுத்தான் உக்கார வைக்கிறானாம். முகூர்த்தத்துக்கு முன்னாடியே பந்தி போட்ட கதை," என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஒரு மதியம் தபால்காரர் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். முடிதிருத்துவோர் சங்கத்திலிருந்து வந்த அழைப்பு. அடுத்த மாதக் கடைசி ஞாயிறு, சங்கக் கட்டடத்தில், 'சுழி பார்த்து வெட்டுதல்' என்ற தலைப்பில் சுழியர் ஒரு மணி நேரம் பேசவேண்டும். அவர் பேச்சு நன்றாக அமைந்தால், சங்கம் நடத்தப்போகும் வகுப்புகளை அவரிடமே ஒப்படைப்பதாகத் தலைவர் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார். சுழியர் அந்த வரியை மூன்றுமுறை படித்தார். பெஞ்சில் யாரும் இல்லாததால் நான்காவது முறை சத்தமாகப் படித்தார். இருபத்தேழு வருடமாக அவர் காத்திருந்தது அந்த ஒரு வரிக்காகத்தான்.

தபால்காரர் வெயில் தாங்காமல் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

சுழியர் நிமிர்ந்தார். கடிதம் மடியில் விழுந்தது.

"முடி வெட்டினியா?"

"நானா? இல்லையே. போன மாசம் உங்ககிட்ட வெட்டினதுதான்."

"நான் வெட்டி ஏழு வாரம் ஆச்சு. ஏழு வாரத்துல உன் முடி காதை மூடியிருக்கணும். காதுக்கு மேலே இன்னும் கால் அங்குலம் வெளிச்சம் தெரியுது." அவர் எழுந்து பின்னால் வந்தார். "திரும்பாதே. அப்படியே நில்லு."

தபால்காரர், கைது செய்யப்பட்டவர்போல, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றார்.

சுழியர் எதிர்பார்த்தது ஒரு கொலைக்களத்தை. வேற்று ஆள் கைவைத்திருந்தால் அந்த உச்சி வேலியாக நின்றிருக்கவேண்டும். ஆனால் முடி அழகாகப் படுத்திருந்தது. இரண்டு சுழிகளுக்கு நடுவில் நீளம் விடப்பட்டிருந்தது. முனைகள் கொத்தி உடைக்கப்பட்டிருந்தன. பிடரியின் இடது பக்கம், அது போகிற போக்கிலேயே விடப்பட்டிருந்தது. அது அவருடைய வேலை. அவர் செய்யாத, அவருடைய வேலை.

உலகத்தில் பலர் பல விதமாகத் துரோகத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சட்டைப்பையில் சீட்டு, கைபேசியில் குறுஞ்செய்தி, இப்படி. ஒரு தபால்காரருடைய பின்மண்டையில் படித்துத் தெரிந்துகொண்டவர் சுழியராகத்தான் இருக்கும்.

"எந்தக் கிழமை வெட்டினான்?"

"யாரு?"

"நீ ரெட்டைச் சுழி. உன்கிட்ட நேரான பதில் வராதுன்னு தெரியும். வளர்ச்சியைப் பார்த்தா மூணு வாரம் இருக்கும். எங்க கடை லீவு நாள். சரியா?"

தபால்காரர் தொப்பியைத் தலையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். "சாமி சத்தியமா நான் ஏசிக்காகத்தான் உள்ளே போனேன். உள்ளே பார்த்தா உங்க மச்சான் நிக்கறாரு. எனக்கே திக்குனு ஆயிடுச்சு. 'மாமாகிட்ட சொல்லிடாதீங்க'ன்னாரு. நானும் 'நீங்களும் சொல்லிடாதீங்க'ன்னேன். அதோட முடிஞ்சுது."

மூன்று மாதமாக வார விடுமுறையில் மைத்துனர், தன் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் மாமாவின் தலை, பதினொரு மணிக்கு அம்மாவின் கண். மாமியாரின் கண்ணைப் பற்றிச் சுழியர் ஒவ்வொரு வாரமும் அக்கறையோடு விசாரித்தும் வந்தார். மாமியாருக்குக் கண் ஊசி கோர்க்கும் அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்பது அன்று மாலை வெளிச்சத்துக்கு வந்தது. அதை வெளியிட்டவர் சுழியரின் மனைவி. தையல் மெஷினில் முடிவெட்டும் துணி ஒன்றுக்கு ஓரம் அடித்தபடி சொன்னார்.

"அவனுக்கும் குடும்பம் பெரிசாகுது. அங்கே முதல் நாற்காலி தர்றாங்களாம். உங்ககிட்ட சொல்லப் பயந்தான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அவன் என்கிட்ட யோசனை கேட்டப்பவே."

"அது எப்ப?"

மனைவி மெஷினை வேகமாக மிதித்தார். சில கேள்விகளுக்குத் தையல் மெஷின் நல்ல பதில்.

மைத்துனர் அடுத்த நாளே சொந்தச் சீப்புகளையும் கத்தரிகளையும் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டார். போகும்போது வாசலில் நின்றார்.

"மாமா, கோபம் இருக்கட்டும். உங்க தலைக்கு மட்டும் நான் வந்து வெட்டிட்டுப் போறேன். லீவு நாள்ல, வழக்கம்போல."

"வழக்கத்தையே நீதானே உடைச்சே."

"சரி. வேற யார்கிட்டயும் போகாதீங்க. போனாலும் உச்சியில கை வைக்க விடாதீங்க. நீளமாவே விட்ருங்க."

"எனக்கே சுழி சொல்லித் தர்றியா? ஒற்றைச் சுழிக்கு எவன் வெட்டினாலும் படியும். போ."

மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பதினான்கு வருடம் மூடிய வாய், திறக்கும்போது கொஞ்சம் துரு பிடித்திருக்கும் போலிருக்கிறது. துண்டுச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அவரோடு இருபது, முப்பது தலைகளும் போயின. பதிவேட்டில் அந்தப் பக்கங்களின் மூலையைச் சுழியர் மடித்துவைத்தார். மடித்த மூலைகளால் நோட்டு ஒரு பக்கம் தடித்துப்போய், இழுப்பறைக்குள் எளிதில் நுழைய மறுத்தது.

ஐந்து வாரம் ஓடியது. சுழியர் பேச்சுக்குத் தயாரானார். அவர் பேச்சின் உச்சக்கட்டமே அவருடைய தலைதான். முழு நேரமும் தலைகளின் சிக்கல்களை விளக்கிவிட்டு, கடைசியில் சபைக்கு முதுகைக் காட்டி நின்று, 'சிக்கலே இல்லாத தலை இப்படித்தான் இருக்கும்' என்று காட்டுவதாகத் திட்டம். ஆனால் அந்தத் தலை, வெட்டி ஆறு வாரமாகிப் பிடரியில் புதர் மண்டி, காதைத் தாண்டி இறங்கியிருந்தது. சங்கத்தின் முன் இப்படிப் போய் நிற்க முடியாது.

ஆகவே கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, தெரிந்தவர் யாரும் பார்க்காத தூரத்தில், ரயில் நிலையத்தின் பின்புறம் உள்ள ஒரு கடைக்குப் போனார். அங்கிருந்தவர் வேகத்துக்குப் பேர்போனவர். ரயிலைப் பிடிக்கிறவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். உட்கார்ந்ததும் புஸ்புஸ்ஸென்று தண்ணீரை அடித்தார். சுழியரின் தொழில் மனசாட்சி முனகியது. ஆனால் தான் யாரென்று காட்டிக்கொள்ளக் கூடாதே.

"உச்சியில எப்படி சார்? நீளமா விடட்டுமா?"

இந்த இடத்தில் வரலாறு ஒரு நொடி நின்றது. 'நீளமாகவே விடுங்கள்' என்ற மைத்துனரின் குரல் சுழியரின் காதில் கேட்டது. கேட்டதால்தான் அவர் வேறு மாதிரி சொன்னார்.

"ஒரு விரற்கடைக்கு வெட்டு. பயப்படாம வெட்டு. ஒற்றைச் சுழி. எங்கேயும் நிக்காது."

அந்த வேகக்காரர் ஒருமுறை உச்சியைப் பார்த்தார். பிறகு சுழியரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த உறுதியைக் கண்டு, 'நமக்கெதற்கு வம்பு, ஆறு நாற்பது ரயில் வந்துவிடும்' என்று வெட்டிவிட்டார். ஈரத்தில் முடி நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தது. சுழியர் கைக்கண்ணாடிகூடக் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் தெருவில் இருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது முடி காய்ந்திருந்தது. கதவைத் திறந்த மனைவி, அவர் முன்னால் போனதும் பின்னாலிருந்து பார்த்தார். பார்த்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு." பிறகு, "நாளைக்கு வெயில் அதிகமாம். அந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டே பேசுங்களேன்?"

"சங்கத்துல தொப்பி போட்டுக்கிட்டா? சமையல்காரங்க கூட்டத்துல வாயைக் கட்டிக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கும்."

மனைவி விடவில்லை. ராத்திரி எண்ணெய் வைத்துப் படியச்செய்கிறேன் என்றார். சுழியருக்குச் சிரிப்பு வந்தது. படியாத தலைக்கல்லவா அதெல்லாம்!

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். அறுபதும் ஒழுங்காக வெட்டிய தலைகள். ஒவ்வொருவரும் முன்வரிசைக்காரரின் பிடரியைக் குறைசொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில், புது சலூனின் கறுப்புச் சட்டையோடு மைத்துனர். சுழியர் அவரைப் பார்க்காததுபோல ஐந்தாறு முறை பார்த்தார்.

பேச்சு அருமையாக இருந்தது என்பதைப் பகைவர்களும் ஒப்புக்கொள்வார்கள். காய்ந்த தலையை முதலில் பார்ப்பது ஏன், முன்சுழியை ஈரத்தில் வெட்டினால் காய்ந்தபின் எவ்வளவு ஏறிக்கொள்ளும், டிரையரால் வேரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளித்தள்ளி ஊதி அதை எப்படிச் சமாதானப்படுத்துவது, பிடரி முடி மேல்நோக்கி வளர்கிறவனுக்கு ஏன் ஒட்ட இறக்கிவிடுவதே மேல் என்றெல்லாம் அவர் அடுக்கியபோது, சிலர் குறிப்பெடுத்தார்கள். தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையசைத்தார். வகுப்புகள் கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டன.

"ரெட்டைச் சுழிக்கு உச்சியில ஒரு விரற்கடைக்கு வெட்டினா என்ன ஆகும்? கொம்பு முளைச்ச மாதிரி நிக்கும். அதைச் செய்யறவன் தொழில்காரனே இல்லை. இப்ப, ஒற்றைச் சுழியில அதே ஒரு விரற்கடை எப்படிப் படியுதுன்னு பாருங்க."

அவர் திரும்பினார். அறுபது நிபுணர்களுக்கு முதுகு காட்டி, தலையை லேசாகக் குனிந்து நின்றார்.

அவருடைய உச்சந்தலையில், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு சுழிகளின் நடுவிலிருந்து, ஒரு பிடி முடி பூட்டைத் திறந்துவிட்டதுபோல எழுந்து நின்றது. மின்விசிறிக் காற்று வரும்போது அது அவையோருக்கு வணக்கம்கூடச் சொன்னது.

"ஐயா," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "அது ரெண்டு இருக்குது."

"வெளிச்சம் அப்படி விழுது," என்றார் சுழியர், திரும்பாமலே. "ஒண்ணுதான்."

"வெளிச்சத்துக்குக்கூட ரெண்டா சுத்தத் தெரியுமா?"

எங்கோ ஒரு சிரிப்பு புறப்பட்டு, வரிசை வரிசையாகத் தாவியது. சுழியர் நிமிர்ந்தார். அவரிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. துரோகிதான். ஆனால் தொழில் தெரிந்த துரோகி.

"மச்சான்! எழுந்திரு. பதினாலு வருஷம் இந்தத் தலையைப் பார்த்தவன் நீ. நமக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். தொழில்மேல ஆணையாச் சொல்லு. எத்தனை சுழி?"

மைத்துனர் எழுந்தார். அறுபது பேரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு நின்றுகொண்டிருந்த அந்த முடியைப் பார்த்தார்கள். மறுபடி அவரைப் பார்த்தார்கள். மைத்துனரின் கண்கள் நனைந்திருந்தன.

"ஒண்ணுதான் மாமா," என்றார். "நடுவுல. சுத்தமான வலஞ்சுழி."

சங்கக் கட்டடம் அதுவரை அப்படியொரு சிரிப்பைக் கேட்டதில்லை. நாற்காலியிலிருந்து ஒருவர் சரிந்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்தின் நடுவில் சுழியர் மைத்துனரின் முகத்தைப் பார்த்தார். மனிதர்கள் பொய் சொல்லும்போது எப்படி இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் பின்மண்டைகள். ஆனால் இந்தக் குரலை, இந்த வார்த்தைகளை, இதே வரிசையில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கேட்டிருக்கிறார். கடையை விட்டுப் போனதோ, தபால்காரரின் தலையோ பெரிதில்லை. அவர் நம்பித் தலை குனிந்த ஒவ்வொரு விடுமுறை நாளும் ஒரு பொய்யின்மேல் வழுவழுவென்று வாரிவிடப்பட்டிருந்தது.

வகுப்புகள் வேறொருவருக்குப் போயின. யாருக்கு என்று சுழியர் விசாரிக்கவில்லை. நேராகக் கடைக்கு வந்து, கதவைப் பாதி இறக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மனைவிக்குப் போன் போட்டார். அவர் வந்து சேர்வதற்குள் மிஷினில் மிகக் குட்டையான பல்லை மாட்டிவைத்திருந்தார்.

"உனக்கும் தெரியுமா?"

மனைவி மிஷினைப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா காலையில கண் முழிச்சா உங்க முதுகும் உச்சியும்தான் எனக்கு எதிர்ல. தெரியாம இருக்குமா?"

"ஏன் சொல்லலை?"

"கல்யாணமான புதுசுலயே 'நான் ஒற்றைச் சுழி, என்னை நம்பலாம்'னு சொன்னீங்க. புது மாப்பிள்ளைகிட்ட எண்ணிக்கை பார்த்துச் சண்டை போடறதா? அப்புறம் தம்பி வேலைக்கு வந்தான். வந்த வாரமே 'ரெட்டைச் சுழிக்கு வேலை இல்லை'ன்னீங்க. முதலாளிக்கே ரெட்டைச் சுழின்னு வேலைக்கு வந்தவன் எப்படிச் சொல்லுவான்? பயந்து ஒண்ணுன்னுட்டு, என்கிட்ட வந்து அழுதான். நான்தான் ஒண்ணுன்னே வரையச் சொன்னேன்."

"நீயா?"

"நீளமா விட்டு வெட்டினா தெரியாதுன்னு அவன் சொன்னான். தெரியலை. பதினாலு வருஷம் ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலை. அவ்வளவு நல்லா வெட்டினான் என் தம்பி." அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சுழியர் மிஷினைப் போட்டார். நீளமாக வளரும்வரை அந்த உச்சியோடு தெருவில் நடக்க முடியாது. மிச்சம் இருந்தது இரண்டாவது வழி. சொந்தத் தலையில், சுழிக்குச் சுழி மிஷினைச் சுற்றிச்சுற்றி, கையால் தடவித்தடவிப் பார்த்து ஒட்ட வெட்டினார். முடி மடியில் விழுந்தது. நரை இத்தனை இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அதையும் யாரும் சொல்லவில்லை.

"கைக்கண்ணாடியை எடு. பின்னாடி பிடி. சாய்க்காதே, நேரா."

மனைவி பிடித்தார். பெரிய கண்ணாடிக்குள் சின்னக் கண்ணாடி, அதற்குள் முதல்முறையாக, நேராக, அவருடைய உச்சந்தலை. ஒட்ட வெட்டிய முடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும், சந்தைக்கடையில் முதுகைத் திருப்பிக்கொண்ட சம்பந்திகள்போல. தபால்காரருடைய தலைக்கு அண்ணன்.

இழுப்பறையை முட்டித் திறந்து பதிவேட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் அந்தப் புள்ளியை அடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று வைத்தார். எதிர்ப்பக்கமாக ஓர் அம்பு போட்டார். 'ஒற்றை' என்ற சொல்லை மட்டும் திருத்தவில்லை. பிறகு அந்தப் பக்கத்தின் மூலையையும் மற்றவற்றைப்போல மடித்தார்.

மனைவி இன்னும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலித்திருக்கவேண்டும்.

"இது ஒண்ணுதானா?" என்று கேட்டார் சுழியர், கண்ணாடிக்குள் மனைவியின் கண்ணைத் தேடி. "இல்லை, எனக்குத் தெரியாம வேற எதுவும் இருக்கா?"

கைக்கண்ணாடி மெல்லச் சாய்ந்தது. சுழியருடைய உச்சந்தலை அதிலிருந்து நழுவியது. அந்த இடத்தில் கடையின் கூரையும், சுற்றாத மின்விசிறியும் தெரிந்தன.

"ஒண்ணுதாங்க," என்றார் மனைவி.